கடன் பெற்றவர் தவணையை நிறுத்தினால் பிணையாளர் செலுத்த வேண்டியது எவ்வளவு?

சொந்த இடத்துக்குத் திரும்பிய குடும்பங்கள் தோட்டம், மீன்பிடி, சிறு கடை போன்ற தொழில்களை மீண்டும் தொடங்கக் கடன் பெறுகின்றன. ஈடு வைக்கக் காணி உறுதியோ நகையோ இல்லாதவர்களிடம் வங்கிகளும் கடன் வழங்கும் நிறுவனங்களும் பெரும்பாலும் பிணையாளரைக் கேட்கின்றன. உறவினர், அயலவர், சங்க உறுப்பினர் என்று யாராவது ஒருவர் கையொப்பம் இடுகிறார். சில மாதங்களின் பின்னர் கடன் பெற்றவர் தவணையை நிறுத்தினால், கடிதம் பிணையாளரின் வீட்டுக்கும் வரும்.

அந்தக் கடிதத்தில் ஒரு தொகை இருக்கும். அது சரியா, கூடுதலா என்பதைப் பிணையாளர் தாமே கண்டறியலாம். அதற்கு வேண்டியது கடன் வழங்கப்பட்ட நாளில் கொடுக்கப்படும் மீளச் செலுத்தும் அட்டவணை. அதை வாசிக்கும் முறையை இந்தப் பாடம் ஓர் உதாரணத்துடன் விளக்குகிறது.

பிணையாளரின் பொறுப்பு எதைப் பொறுத்தது?

பிணையாளரின் கடமை கடன் பெற்றவரின் கடமையைப் பின்பற்றிச் செல்வது. கடன் பெற்றவர் செலுத்திய ஒவ்வொரு தவணையும் பிணையாளரின் பொறுப்பையும் குறைக்கிறது. கடன் பெற்றவர் இன்று செலுத்த வேண்டியதை விடக் கூடுதலான கடனைப் பிணையாளர் மீது சுமத்த முடியாது. எனவே “ஒரு இலட்சம் ரூபாவுக்குப் பிணை நின்றேன், முழுவதையும் நான் கட்ட வேண்டுமா?” என்று அஞ்சத் தேவையில்லை. அதே வேளை, “தவறிய தவணைகளை மட்டும் கட்டினால் என் பொறுப்பு முடிந்துவிடும்” என்று நினைப்பதும் தவறு.

முதலில் பிணைப் பத்திரத்தில் மூன்று விடயங்களைப் பாருங்கள். பிணைக்கு உச்சத் தொகை ஏதும் எழுதப்பட்டுள்ளதா? தவணை தவறினால் முழுக் கடனையும் ஒரே தடவையில் கோரலாம் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் உள்ளதா? தாமத வட்டி எத்தனை சதவீதம்? இந்த மூன்றும் தெரிந்தால் மிகுதியை அட்டவணை சொல்லும்.

“முதலில் கடன் பெற்றவரிடம் அறவிட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள்” என்று கேட்கும் உரிமை இலங்கையில் நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி பிணையாளருக்கு உண்டு. ஆனால் அச்சிடப்பட்ட பிணைப் பத்திரங்களில் பெரும்பாலும் இந்த உரிமையைக் கைவிடுவதாக ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருக்கும். அதில் கையொப்பம் இட்டிருந்தால் நிறுவனம் நேரடியாகவே உங்களிடம் வரலாம்.

அட்டவணையை வாசிக்கும் முறை

ஒரு பெண் தமது மரக்கறித் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரம் வாங்க 100,000 ரூபா கடன் பெறுகிறார். ஆண்டு வட்டி 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம். குறைந்து செல்லும் மீதிக்கே வட்டி. தவணைகள் 12. கடன் வழங்கப்பட்டது ஜனவரி 10 ஆம் திகதி. மாதத் தவணை 8,885 ரூபா. அவருடைய மைத்துனர் பிணை நிற்கிறார். அட்டவணையில் நமக்குத் தேவையான வரிசைகள் மட்டும் கீழே தரப்பட்டுள்ளன.

| தவணை | திகதி | தவணைத் தொகை | வட்டி | முதல் | மீதி முதல் |
|---|---|---|---|---|---|
| 1 | பெப்ரவரி 10 | 8,885 | 1,000 | 7,885 | 92,115 |
| 4 | மே 10 | 8,885 | 761 | 8,124 | 67,984 |
| 5 | யூன் 10 | 8,885 | 680 | 8,205 | 59,779 |
| 6 | யூலை 10 | 8,885 | 598 | 8,287 | 51,492 |
| 7 | ஓகஸ்ட் 10 | 8,885 | 515 | 8,370 | 43,122 |
| 8 | செப்டெம்பர் 10 | 8,885 | 431 | 8,454 | 34,668 |
| 12 | ஜனவரி 10 | 8,884 | 88 | 8,796 | 0 |

ஒவ்வொரு தவணையும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி அந்த மாத வட்டிக்குப் போகிறது. மிகுதி முதலைக் குறைக்கிறது. முதலாம் வரிசையில் 100,000 ரூபாவின் ஒரு மாத வட்டி 1,000 ரூபா. ஆகவே 8,885 ரூபாவில் 7,885 ரூபா மட்டுமே கடனைக் குறைத்தது. மீதி குறையக் குறைய வட்டியும் குறைகிறது. கடைசித் தவணையில் வட்டி 88 ரூபா மட்டுமே.

பிணையாளர் கவனிக்க வேண்டியது கடைசி நிரல், அதாவது மீதி முதல். கடைசியாக உண்மையில் செலுத்தப்பட்ட தவணையின் வரிசையில் இருக்கும் மீதியே கணக்கின் தொடக்கம். அதற்குக் கீழே உள்ள மீதிகள் பணம் செலுத்தப்பட்டிருந்தால் வந்திருக்க வேண்டியவை. பணம் செலுத்தப்படாததால் அவை இன்னும் உண்மையாகவில்லை.

ஐந்து தவணைகளுக்குப் பின் நின்றுபோன கடன்

அந்தப் பெண் ஐந்து தவணைகளை ஒழுங்காகச் செலுத்தினார். தோட்டம் அழிந்துபோக, யூலை 10 இலும் ஓகஸ்ட் 10 இலும் செலுத்தவில்லை. நாம் கணக்குப் பார்க்கும் நாள் ஓகஸ்ட் 10. ஒப்பந்தத்தின்படி, பிந்திய தவணைக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் மேலதிகத் தாமத வட்டி. இந்த நாளில் மூன்று வெவ்வேறு தொகைகளை ஒருவர் கூறலாம்.

முதலாவது, தவறிய தவணைகளின் நிலுவை. இரண்டு தவணைகள் 17,770 ரூபா. யூலை 10 இல் குறைந்திருக்க வேண்டிய முதலான 8,287 ரூபா ஒரு மாதம் குறையாமல் நின்றது. அதற்கு ஒரு மாத வட்டி 83 ரூபா. ஆறாவது தவணையான 8,885 ரூபாவுக்கு ஒரு மாதத் தாமத வட்டி 15 ரூபா. ஏழாவது தவணை அன்றுதான் வருவதால் அதற்குத் தாமத வட்டி இல்லை. மொத்தம் 17,868 ரூபா.

இரண்டாவது, நிறுவனம் முழுக் கடனையும் திரும்பக் கோரினால் அன்று வரை சேர்ந்துள்ள கடன். ஐந்தாம் வரிசையின் மீதி முதல் 59,779 ரூபா. இந்த முதல் இரண்டு மாதமும் குறையாமல் இருந்ததால் இரண்டு மாதத்துக்கும் வட்டி 598 ரூபா வீதம் 1,196 ரூபா. தாமத வட்டி 15 ரூபா. மொத்தம் 60,990 ரூபா.

மூன்றாவது, மிகுதி ஏழு தவணைகளையும் அப்படியே கூட்டிய தொகை, 62,194 ரூபா. இது தாமத வட்டி சேர்க்காமலே இரண்டாவது தொகையை விடக் கூடுதலாக உள்ளது. காரணம், செப்டெம்பர் முதல் அடுத்த ஜனவரி வரை இன்னும் சேராத வட்டியும் அந்தத் தவணைகளுக்குள் இருக்கிறது. இன்றே முழுப் பணத்தையும் கட்டுபவர் அந்த மாதங்களில் கடனை வைத்திருக்கப் போவதில்லை.

இந்த மூன்று தொகைகளில் எது பொருந்தும் என்பது நிறுவனத்தின் கடிதத்தில் தங்கியுள்ளது. “நிலுவையைச் செலுத்தவும்” என்று மட்டும் எழுதியிருந்தால் முதலாவது தொகை. “கடன் மீளக் கோரப்படுகிறது” என்று எழுதியிருந்து, அதற்கு ஒப்பந்தத்தில் இடமும் இருந்தால் இரண்டாவது தொகை. மூன்றாவது தொகை கேட்கப்பட்டால், இன்னும் சேராத வட்டியை எந்த வாசகத்தின்படி கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்பட்டிருக்கவில்லை என்றால், வட்டியைச் செலுத்தும் நாள் வரை மட்டும் கணக்கிடும்படி கோருங்கள்.

இரண்டாவது தொகையிலிருந்து முதலாவது தொகையைக் கழித்தால் 43,122 ரூபா வரும். அது ஏழாம் வரிசையில் உள்ள மீதியே. அதாவது நிலுவை முழுவதையும் தீர்த்தவுடன் கடன் மீண்டும் அட்டவணையில் வந்து நிற்கிறது. உங்கள் கணக்கு சரிதானா என்று பார்க்க இது எளிய வழி.

எல்லா வரிசையிலும் வட்டி ஒரே தொகையாக இருந்தால்

சில நிறுவனங்கள் தொடக்க முதலுக்கே முழுக் காலத்துக்கும் வட்டி போட்டு, அதைச் சமமாகப் பிரிக்கின்றன. அப்படியானால் இதே கடனில் ஒவ்வொரு வரிசையிலும் வட்டி 1,000 ரூபாவாகவும் தவணை ஏறத்தாழ 9,333 ரூபாவாகவும் இருக்கும். வட்டி நிரலில் எண் குறையாமல் நிற்பதைக் கொண்டு இதை அறியலாம். சதவீதம் அதே 12 என்று சொல்லப்பட்டாலும் செலுத்தும் வட்டி மிகவும் கூடுதல்.

இவ்வாறான கடன் இடையில் நின்றால் மூன்றாவது தொகைக்கும் இரண்டாவது தொகைக்கும் உள்ள இடைவெளி பெரிதாகும். நமது உதாரணத்தில் வராத ஐந்து மாதங்களின் வட்டி மட்டும் 5,000 ரூபா. முன்கூட்டி முழுவதையும் தீர்த்தால் வட்டி கழிக்கப்படுமா என்பதை இவ்வகை ஒப்பந்தத்தில் கையொப்பம் இடும் முன்னரே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

கடிதத்தில் உள்ள தொகையைச் சரிபார்த்தல்

கிளை முகாமையாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அட்டவணையின் பிரதியையும் கடன் கணக்கின் கூற்றையும் கேளுங்கள். இடம்பெயர்வின்போது உங்கள் பிரதி தொலைந்திருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அட்டவணை என்ன நடந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கணக்குக் கூற்று என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, கடன் பெற்றவரிடம் உள்ள பற்றுச்சீட்டுகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

அடிக்கடி ஏற்படும் தவறு, செலுத்திய ஒரு தவணை கணக்கில் பதியப்படாமல் விடுபடுவது. வெளிக்கள அலுவலரிடம் வீட்டில் பணம் கொடுத்திருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். நமது உதாரணத்தில் கடிதம் மீதி முதல் 67,984 ரூபா என்று கூறினால், அந்த எண்ணை மீதி நிரலில் தேடுங்கள். அது நான்காம் வரிசையில் உள்ளது. அப்படியானால் நிறுவனத்தின் கணக்கில் நான்கு தவணைகளே பதியப்பட்டுள்ளன. யூன் மாதப் பற்றுச்சீட்டைக் காட்டினால் முதலில் 8,205 ரூபா குறையும்.

கடிதத்தின் எண் எந்த வரிசையோடும் பொருந்தாவிட்டால், பகுதித் தொகை ஏதாவது செலுத்தப்பட்டதா, அல்லது தாமத வட்டியும் வேறு கட்டணங்களும் முதலோடு சேர்க்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். முதல், வட்டி, தாமத வட்டி, கட்டணம் என்று நான்காகப் பிரித்து, எந்தத் திகதி வரை கணக்கிடப்பட்டது என்றும் எழுதித் தரும்படி கோருவது நல்லது. திகதி இல்லாத தொகையைச் சரிபார்க்க முடியாது. நமது உதாரணத்தில் ஒரு மாதம் கடந்தாலே 598 ரூபா வட்டி கூடிவிடும்.

கடன் பெறும்போது கட்டாய சேமிப்பாக ஏதும் வைப்புச் செய்யப்பட்டிருந்தால் அது எங்கே உள்ளது, கடனிலிருந்து கழிக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். பிணையாளர் அரச ஊழியராக இருந்து சம்பளத்திலிருந்து பணம் கழிக்கப்படுகிறது என்றால், ஒவ்வொரு மாதக் கழிவும் கடன் கணக்கில் வரவாகப் பதிந்துள்ளதா என்று பாருங்கள்.

இரண்டு பிணையாளர்கள் இருந்தால்

இருவர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதி என்று பலர் எண்ணுகின்றனர். பத்திரத்தில் “கூட்டாகவும் தனித்தனியாகவும்” என்று எழுதப்பட்டிருந்தால் நிறுவனம் முழுத் தொகையையும் இருவரில் ஒருவரிடமே கேட்கலாம். 60,990 ரூபாவில் 30,495 ரூபாவைக் கட்டிய பிணையாளர் நிறுவனத்தின் பார்வையில் விடுபட்டவர் அல்லர். மிகுதியையும் அவரிடம் கேட்கலாம். இரண்டு தடவை முழுத் தொகையை அறவிட மட்டும் முடியாது.

பணம் கட்டிய பிணையாளர் அதைக் கடன் பெற்றவரிடம் திரும்பப் பெறலாம். தமது பங்கை விடக் கூடுதலாகக் கட்டியிருந்தால் மற்றப் பிணையாளரிடம் அவரது பங்கைக் கோரலாம். அதற்குச் சான்று தேவை. எனவே பற்றுச்சீட்டு கடன் பெற்றவரின் பெயரில் மட்டும் எழுதப்பட இடங்கொடுக்க வேண்டாம். “பிணையாளரால் செலுத்தப்பட்டது” என்று உங்கள் பெயரும் கடன் இலக்கமும் அதில் இருக்க வேண்டும். முழுக் கடனையும் தீர்த்தால், கடன் பெற்றவருக்கு எதிரான உரிமைகளை உங்களுக்கு மாற்றித் தரும் கடிதத்தையும், ஈடாக வைத்த பொருள் ஏதும் இருந்தால் அதன் ஆவணத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

நிலுவையைத் தீர்ப்பதா, புதிய அட்டவணையா?

கடன் பெற்றவர் மீண்டும் செலுத்தத் தயாராக இருந்தால் நிறுவனம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைக் கூறும். ஒன்று, நிலுவையைத் தீர்த்துவிட்டுப் பழைய அட்டவணையைத் தொடர்வது. நமது உதாரணத்தில் 17,868 ரூபாவைக் கட்டினால் மேலும் ஐந்து தவணைகள் 44,424 ரூபா. மொத்தம் 62,292 ரூபா. அடுத்த ஜனவரியில் பிணை முடிகிறது.

மற்றையது, முழு மீதியையும் புதிய கடனாக எழுதுவது. 60,990 ரூபாவை அதே வட்டியில் 12 மாதங்களுக்குப் பிரித்தால் மாதத் தவணை ஏறத்தாழ 5,419 ரூபா. தவணை குறைவதால் இது இலகுவாகத் தோன்றும். மொத்தம் ஏறத்தாழ 65,000 ரூபா. சேர்ந்த வட்டியும் தாமத வட்டியும் இப்போது முதலாகி, அவற்றுக்கும் வட்டி வருகிறது. பிணையாளர் ஐந்து மாதத்துக்குப் பதிலாக மேலும் ஒரு வருடம் பொறுப்பில் இருக்கிறார்.

கடன் பெற்றவரால் மாதம் 8,885 ரூபா கட்டவே முடியாது என்றால் இரண்டாவது வழி பொருத்தமாக இருக்கலாம். ஆனால் புதிய பிணைப் பத்திரத்தில் கையொப்பம் இடும் முன் புதிய அட்டவணையைக் கேட்டு, அதன் தொடக்கத் தொகை எப்படி வந்தது என்பதைப் பழைய அட்டவணையின் கடைசியாகச் செலுத்திய வரிசையிலிருந்து கூட்டிப் பாருங்கள்.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தால்

1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் வங்கிகள் போன்ற கடன் வழங்கும் நிறுவனங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். பிணையாளர் மீதும் வழக்கிடலாம். இந்த நடைமுறையில் நீதிமன்றம் நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்த்து முதலிலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பை வழங்கும். குறிப்பிட்ட திகதியில் தோன்றிக் காரணம் காட்டாவிட்டால் அது இறுதியாக்கப்படும். எதிர்க்க விரும்புபவர் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அதற்குப் பணம் அல்லது பிணை வைக்கும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம்.

“தொகை அதிகம்” என்று பொதுவாகச் சொன்னால் அனுமதி கிடைப்பது கடினம். கோரிக்கையில் எது தவறு என்று குறிப்பாகக் காட்ட வேண்டும். “யூன் 10 ஆம் திகதித் தவணை பதியப்படவில்லை, பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது, மீதி முதல் 67,984 அல்ல 59,779 ரூபா” என்பது அத்தகைய பதில். ஆகவே அழைப்பு கிடைத்தவுடன் அட்டவணை, கணக்குக் கூற்று, பற்றுச்சீட்டுகள், பிணைப் பத்திரம் ஆகியவற்றுடன் ஒரு சட்டத்தரணியிடம் செல்லுங்கள். கட்டணம் செலுத்த வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

பயிற்சி

மேலே உள்ள அதே கடனில் எட்டுத் தவணைகள் செலுத்தப்பட்டுள்ளன. ஒக்டோபர் 10 ஆம் திகதி வர வேண்டிய ஒன்பதாவது தவணை செலுத்தப்படவில்லை. அன்றைய தினமே கணக்குப் பார்க்கிறீர்கள். நிலுவை எவ்வளவு? முழுக் கடனும் கோரப்பட்டால் எவ்வளவு? மிகுதித் தவணைகள் அனைத்தையும் கூட்டினால் எவ்வளவு?

விடை: நிலுவை ஒரு தவணை, 8,885 ரூபா. முழுக் கடனும் கோரப்பட்டால், எட்டாம் வரிசையின் மீதி 34,668 ரூபாவுடன் ஒரு மாத வட்டி 347 ரூபாவைச் சேர்த்து 35,015 ரூபா. மிகுதி நான்கு தவணைகளின் கூட்டுத்தொகை 35,539 ரூபா. இவ்விரண்டுக்கும் இடையிலான 524 ரூபா கடைசி மூன்று மாதங்களின் வட்டி. அந்த மாதங்கள் இன்னும் வரவில்லை.